ஐந்தரை மணி வசனம்: ஒரு வாக்குத்தத்த வீடியோவும் அதன்பின் வந்த சரிபார்ப்புத் தாளும்

சபையின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். துக்கம் நடந்த வீட்டாரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் எழுதவில்லை. எழுதுவதற்கு அவர்களிடம் சம்மதம் வாங்கப்பட்டது.

பின்னணி

பெங்களூரின் கிழக்கே லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி பக்கம் தமிழ்ச் சபைகள் பல உண்டு. அவற்றுள் நடுத்தர அளவிலான ஒன்றில் நடந்தது இது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த குடும்பங்கள், தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள், ஐ.டி. வேலைக்காக வந்த திருநெல்வேலிப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்த சபை. வேலை, டிராஃபிக், ஷிஃப்ட் என்று வார நாட்களில் யாரும் கூடிவர முடியாததால், காலை ஐந்தரை மணிக்கு ஒரு வாக்குத்தத்த வசனத்தை ஒரு நிமிட வீடியோவாகப் போடும் வழக்கம் தொடங்கியது. யூடியூப்பில் ஏற்றி, அந்த லிங்கையும் வீடியோவையும் சபையின் வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புவார்கள்.

செய்தவர்கள் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த ஆறு பேர். இரண்டு பேர் கல்லூரி மாணவர்கள், ஒருவர் நர்ஸ், மற்றவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. தினமும் செய்ய நேரம் இல்லாததால், சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து வரும் ஏழு நாளுக்கான வீடியோக்களையும் ஒரே மூச்சில் செய்து, யூடியூப்பில் நாள், நேரம் குறித்து வைத்துவிடுவார்கள். அதன்பின் அவை தானாக வெளியாகும்.

நான் இந்தக் குழுவில் இல்லை. சபையின் மாதப் பத்திரிகைக்குப் பல வருடமாகப் பிழை திருத்தி வருகிறேன். நடந்ததை விசாரித்து, இனி என்ன செய்யலாம் என்று எழுதித் தரும்படி ஆயர் கேட்டுக்கொண்டார். வேறு சபைகளின் மீடியா குழுக்களுக்கும் பயன்படும் என்பதால் அந்தக் குறிப்பை விரித்து எழுதியிருக்கிறேன்.

நடந்தது

ஒரு சனிக்கிழமை இரவு, சபையைச் சேர்ந்த ஓர் இளைஞர் வேலை முடிந்து திரும்பும்போது இருசக்கர வாகன விபத்தில் இறந்துபோனார். நள்ளிரவுக்குள் ஆயருக்கும் மூப்பர்களுக்கும் செய்தி போய்விட்டது. மீடியா குழுவுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு வழக்கம்போல வீடியோ வெளியானது. நெடுஞ்சாலையில் வண்டிகள் பாயும் காட்சி. அதன்மேல் பெரிய மஞ்சள் எழுத்தில் "ஆயிரம் பேர் விழுந்தாலும்... உன்னை அணுகாது!" என்று வந்தது. அடுத்து அதே மஞ்சள் எழுத்தில், "இன்று உன் பயணத்தில் விபத்து இல்லை என்று கர்த்தர் சொல்லுகிறார்". கடைசியில் சங்கீதம் 91:7 என்ற எண்.

குழுக்களில் தானாகப் பகிர்ந்து பழகியவர்கள் அன்றும் பகிர்ந்தார்கள். ஆறே கால் மணிக்கு இறந்தவரின் அக்கா, பாடகர் குழுவில் இருக்கும் தன் தோழிக்கு ஒரே வரி அனுப்பினார்: "அந்த ஆயிரம் பேர்ல எங்க தம்பியும் ஒருத்தனா?"

தோழி உடனே ஆயருக்குப் போன் செய்தார். ஏழு மணிக்குள் வீடியோ யூடியூப்பில் யாரும் பார்க்க முடியாதபடி `Private` ஆக்கப்பட்டது. அழிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அழித்துவிட்டால் எதில் எப்படித் தவறு நேர்ந்தது என்று பிறகு பார்க்க வழி இருக்காது என்பதால் ஆயர் வேண்டாம் என்றார். பொதுவாக ஒரு மன்னிப்புச் செய்தி போடலாமா என்ற யோசனையையும் அவர் ஏற்கவில்லை. அந்த வீட்டாருக்கு முதலில் நேரில் சொல்லாமல் ஊருக்கெல்லாம் சொன்னால், வீடியோவைப் பார்க்காத உறவினர்களுக்கும் அது போய்ச் சேரும் என்பது அவர் சொன்ன காரணம். அவரும் ஆயரம்மாவும் ஆராதனைக்கு முன்பே அந்த வீட்டுக்குப் போய் வந்தார்கள். அடக்க ஆராதனை முடிந்து பல நாள் கழித்து, வீடியோவைச் செய்த மாணவனும் போய்ப் பேசினான்.

வாட்ஸ்அப்பில் போன பிரதிகளைத் திரும்ப எடுக்க முடியவில்லை. லிங்காக மட்டும் போயிருந்தால் `Private` ஆக்கியதும் எல்லா இடத்திலும் நின்றிருக்கும். கோப்பாகப் போனதால் ஊர்வரை போயிருந்தது.

விசாரித்தபோது கண்டது: வசனம்

துயரமான தற்செயல் என்று பலரும் சொன்னார்கள். விபத்தும் வீடியோவும் ஒரே நாளில் வந்தது தற்செயல்தான். ஆனால் அந்த வீடியோ வேறு எந்த நாளில் வந்திருந்தாலும், சாலையில் பிள்ளையைப் பறிகொடுத்த யாரோ ஒருவர் அதைப் பார்த்திருப்பார். ஆகவே தேதியை விட்டுவிட்டு வீடியோவையே பார்த்தோம்.

பழைய திருப்புதலில் வசனம் இப்படி இருக்கிறது: "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது." வீடியோவில் "அது" விடுபட்டிருந்தது. எது அணுகாது என்பதற்கு முந்தின இரண்டு வசனங்களைப் படிக்க வேண்டும்: இரவில் உண்டாகும் பயங்கரம், பகலில் பறக்கும் அம்பு, இருளில் நடமாடும் கொள்ளைநோய், மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம். அடுத்த வசனமோ, "உன் கண்களால் மாத்திரம் நீ அதைப் பார்த்து, துன்மார்க்கருக்கு வரும் பலனைக் காண்பாய்" என்கிறது. ஏழாம் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்துச் சாலைக் காட்சியின்மேல் வைத்தால், வேதம் தெரிந்த ஒருவர் மனதில் எட்டாம் வசனம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். விழுந்தவன் துன்மார்க்கன் என்றாகிவிடும். அந்த அக்கா ஞாயிறு பள்ளி ஆசிரியை. அவர் கேட்ட கேள்வி அங்கிருந்து வந்தது.

இதே சங்கீதத்தின் பதினைந்தாம் வசனத்தில் "ஆபத்தில் நானே அவனோடிருந்து" என்று வருகிறது. ஆபத்தே வராது என்று இந்தச் சங்கீதம் சொல்லவில்லை. அதற்குள் ஆபத்தும் இருக்கிறது. வெட்டி எடுத்த வரியில் அது போய்விட்டது. மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் சோதனைக்காரன் இயேசுவிடம் எடுத்துக்காட்டுவதும் இதே 91-ஆம் சங்கீதம்தான். அவனும் "உன் வழிகளிலெல்லாம்" என்ற பகுதியை விட்டுவிட்டுத்தான் சொல்கிறான். ஒரு வரியை எங்கே வெட்டுகிறோம் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு வேதத்துக்குள்ளேயே இருக்கும் சாட்சி இது. ஆயர் இதைக் குழுவிடம் எடுத்துச் சொன்னபோது எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள்.

இதைவிடப் பெரிய பிழை இரண்டாவது வரி. "இன்று உன் பயணத்தில் விபத்து இல்லை" என்பது அந்த மாணவனின் சொந்த வாக்கியம். நல்லெண்ணத்தில் எழுதினான். ஆனால் வசனத்தின் அதே எழுத்துரு, அதே நிறம், பின்னால் "என்று கர்த்தர் சொல்லுகிறார்", அதற்குப் பின்னால் வசன எண். பார்ப்பவருக்கு இரண்டும் வேதம்தான். பழைய வீடியோக்களை எடுத்துப் பார்த்தபோது இந்தப் பழக்கம் பரவலாக இருந்தது. வசனத்துக்கும் நம் விளக்கத்துக்கும் நடுவே கோடு இல்லாமல் போயிருந்தது.

எழுத்து

தலைப்பெழுத்துகளில் கண்டவை சாதாரணமானவை. ஆனால் எல்லாச் சபைகளிலும் நடப்பவை. வசனத்தை வேதாகமச் செயலியிலிருந்து நகலெடுக்கும்போது, சில நாள் பழைய திருப்புதலும் சில நாள் 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் கலந்து வந்திருந்தன. குரலில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று ஒலிக்க, திரையில் "ஆண்டவரே என் ஆயர்" என்று ஓடிய ஒரு வீடியோவைப் பார்த்தோம். இரண்டும் சரியான வேதம். ஆனால் கேட்பதும் படிப்பதும் வேறாக இருக்கும்போது, வயதானவர்கள் ஏதோ தவறு என்று பதறிவிடுகிறார்கள்.

கைபேசியில் எடிட் செய்யும்போது சில எழுத்துருக்களில் தமிழ் உடைந்துபோகும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். "தேவன்" என்ற சொல்லே இப்படி உடைந்து நின்ற படம் ஒன்று இருந்தது. எடிட் செய்யும் திரையில் சரியாகத் தெரிந்து, ஏற்றுமதி செய்த கோப்பில் உடைவதும் உண்டு. அதனால் எடிட்டரில் பார்த்தால் போதாது. முடிந்த கோப்பைத்தான் பார்க்க வேண்டும்.

விபத்து நாள் வீடியோவில் வேறொரு சின்ன விஷயமும் இருந்தது. நீள்வாக்கில் செய்த வீடியோ என்பதால் அது ஷார்ட்ஸாக வந்தது. ஷார்ட்ஸில் திரையின் கீழ்ப்பகுதியை சேனல் பெயரும் தலைப்பும் மறைத்துக்கொள்ளும். வலப்பக்கம் பொத்தான்கள் வரும். வசன எண்ணைக் கீழே வைத்திருந்ததால் யூடியூப்பில் பார்த்தவர்களுக்கு அது தெரியவே இல்லை. எடுத்துப் படித்துப் பார்க்க நினைத்தவருக்கும் எங்கே படிப்பது என்று தெரிந்திருக்காது.

இசை

பின்னணியில் ஓடியது ஒரு கீபோர்டு ட்ராக். "காப்பிரைட் இல்லாதது" என்று தலைப்பில் எழுதியிருந்த வேறொரு சேனலிலிருந்து இறக்கியது. அப்படி எழுதிவிட்டால் உரிமை இல்லாமல் போய்விடாது. அது சமீப காலத்துப் பாடல் ஒன்றின் மெட்டு. யூடியூப்பின் கன்டென்ட் ஐ.டி. என்ற தானியங்கி ஒப்பீட்டு முறை அதை அடையாளம் கண்டு, உரிமையாளரின் சார்பில் வீடியோவின்மேல் கோரிக்கை வைத்திருந்தது. கோரிக்கை வைத்தவர் வீடியோவைத் தடுக்கலாம், கவனித்துக்கொண்டு மட்டும் இருக்கலாம், அல்லது விளம்பரம் போட்டு வருமானம் எடுத்துக்கொள்ளலாம். இங்கே மூன்றாவது நடந்தது. சபை ஒருபோதும் விளம்பரம் வைக்காத சேனலில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது; அது ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அறிவிப்பு மின்னஞ்சல்கள் வேலை மாறி ஹைதராபாத் போய்விட்ட பழைய தன்னார்வலர் ஒருவரின் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தன.

குழுவில் பலரும் நம்பியது, "சபைக்குத்தானே போடுகிறோம், சட்டத்தில் விலக்கு உண்டு" என்பது. விலக்கு உண்மைதான். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உண்மையான மதச் சடங்கின்போது பாடலைப் பாடுவதையும் ஒலிபரப்புவதையும் மீறலாகக் கருதுவதில்லை. ஞாயிறு ஆராதனையில் பாடினால் அது பொருந்தும். தனியாகச் செய்து, இணையத்தில் நிரந்தரமாக வைத்திருக்கும் ஒரு நிமிட வீடியோவை ஆராதனை என்று சொல்வது கடினம். அப்புறம், கன்டென்ட் ஐ.டி. ஒலியைத்தான் பொருத்திப் பார்க்கிறது. அது சபையா கடையா என்று கேட்பதில்லை.

கோரிக்கை வேறு, ஸ்ட்ரைக் வேறு என்பதையும் குழு அறிந்திருக்கவில்லை. கோரிக்கையால் சேனலுக்கு உடனடி ஆபத்து இல்லை. உரிமையாளர் முறைப்படி நீக்கச் சொல்லிக் கேட்டால்தான் ஸ்ட்ரைக் என்ற எச்சரிக்கை சேனலின்மேல் வரும். 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே போகலாம்.

தொனி

தொனி சரியில்லை என்று சொல்வது எளிது, எதை மாற்றுவது என்று சொல்வது கடினம். பழைய வீடியோக்களை வரிசையாகப் பார்த்தபோது பிடிபட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். முன்னிலையில் "உனக்கு" என்று பேசி, "இன்று" என்று நாள் குறித்து, ஒரு குறிப்பிட்ட நன்மையை உறுதியாகச் சொல்லும் வீடியோக்கள்தான் மனத்தாங்கலைத் தந்தவை. "இந்த வாரம் உன் கர்ப்பம் ஆசீர்வதிக்கப்படும்" என்ற ஒரு வீடியோ இருந்தது. பிள்ளைக்காகப் பல வருடமாகக் காத்திருக்கும் தம்பதிகள் எல்லாச் சபையிலும் இருப்பார்கள். "இன்று உன் வியாதி நீங்கும்" என்ற இன்னொன்று, டயாலிசிஸுக்குப் போய்வரும் ஒரு மூத்தவரின் வாட்ஸ்அப்புக்குத் தினமும் போய்க்கொண்டிருந்த குழுவில் வந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை, குழுவிலிருந்து விலகிக்கொண்டார். அதை யாரும் அப்போது கவனிக்கவில்லை.

முதல் பட்டியல், அது ஏன் நிற்கவில்லை

விசாரணை முடிந்த வாரமே குழு ஒரு பட்டியல் தயாரித்தது. ஆர்வத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட கேள்விகள். வசனம் சரியா, எழுத்துப்பிழை உண்டா, இசை சரியா, தொனி சரியா என்று தொடங்கி, சிறுபிள்ளைகளின் முகம் தெரிகிறதா, பிற மதத்தாரைப் புண்படுத்தும் சொல் உண்டா என்பது வரை. எல்லாம் தேவையானவைதான். கூகுள் ஃபார்மில் ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் போட ஒரு கட்டம்.

மூன்றாம் வாரம் நான் படிவங்களைப் பார்த்தேன். எல்லாக் கட்டங்களிலும் டிக் இருந்தது. எழுத்தே இல்லாத, குரல் மட்டும் உள்ள ஒரு வீடியோவுக்கும் "தலைப்பெழுத்துகள் பிழை பார்க்கப்பட்டன" என்பதற்கு டிக் இருந்தது. ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, ஏழு வீடியோ முடித்துக் களைத்துப்போன ஒருவர், தான் செய்ததைத் தானே முப்பது கேள்வியால் சோதிக்கும்போது விரல்தான் வேலை செய்யும். "தொனி சரியா?" என்ற கேள்விக்கு, செய்தவர் "இல்லை" என்று சொல்வாரா?

இரண்டாவது தாள்

அதனால் டிக் கட்டங்களை எடுத்துவிட்டோம். பார்த்தால் மட்டுமே எழுத முடிகிற ஒன்றை ஒவ்வொரு இடத்திலும் எழுதச் சொன்னோம். செய்தவரும் பார்ப்பவரும் வேறு ஆளாக இருக்க வேண்டும். இப்போது புழக்கத்தில் இருக்கும் தாள் இது:

- வசனம், திருப்புதலின் பெயர். அச்சு வேதாகமத்திலிருந்து அந்த வசனத்தையும், அதற்கு முந்தின வசனத்தின் முதல் மூன்று சொற்களையும், பிந்தின வசனத்தின் முதல் மூன்று சொற்களையும் கையால் எழுதவும்.
- திரையில் வரும் எந்த வரி வேதம், எந்த வரி நம்முடையது? நம்முடையது வேறு நிறத்தில், மேற்கோள் குறி இல்லாமல் உள்ளதா?
- முடிந்த கோப்பைக் கைபேசியில் பார்த்து, திரையில் உள்ளதைச் சத்தமாக வாசித்தவர் பெயர்.
- இசை: வாசித்தவர் யார், பதிவு யாருடையது, அனுமதி எங்கே இருக்கிறது?
- இதைப் பார்த்தால் வலிக்கக்கூடிய, நம் சபையில் உள்ள ஒருவரின் நிலைமையை எழுதவும். பெயர் வேண்டாம்.
- வெளியாகும் முன் இரவு: ஆயர் அல்லது மூப்பரிடம் கேட்டவர் பெயர், கேட்ட நேரம்.

முதல் இடத்தில் முந்தின, பிந்தின வசனத்தின் சொற்களைக் கேட்பது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். ஆனால் எழுத வேண்டும் என்றால் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும். திறந்தால் கண் அடுத்த வரிக்குப் போகும். 91:7-க்கு இதை எழுதியிருந்தால், "உன் கண்களால் மாத்திரம்" என்று எழுதும்போதே துன்மார்க்கர் என்ற சொல் கண்ணில் பட்டிருக்கும். செயலியில் ஒரு வசனத்தை மட்டும் தட்டி நகலெடுக்கும்போது இது நடக்காது.

சத்தமாக வாசிக்கும் வேலையை நர்ஸின் அம்மாவிடம் கொடுத்தோம். அறுபத்தைந்து வயது, கண்ணாடி போட்டவர். அவர் நிதானமாக ஒருமுறை வாசித்து முடிக்கும்வரை எழுத்து திரையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வரியைக் குறைக்காமல் நேரத்தைக் கூட்ட வேண்டும். இந்த ஒரு விதி, வசனத்தை வெட்டும் பழக்கத்தையே பாதி நிறுத்திவிட்டது.

இசைக்கு நிரந்தர ஏற்பாடு செய்தோம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் மறைந்தவர். நம் சட்டப்படி பாடல் வரிக்கும் மெட்டுக்கும் ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டு வரைதான் உரிமை. ஆகவே அவருடைய கீர்த்தனைகளை யாரும் வாசிக்கலாம். ஆனால் அவற்றை இன்று ஒரு நிறுவனம் பதிவு செய்து வெளியிட்டிருந்தால், அந்தப் பதிவுக்குத் தனியாக 60 ஆண்டு உரிமை உண்டு. பாடல் பழையது என்று பதிவை எடுத்துக்கொள்ள முடியாது. சபையின் கீபோர்டு வாசிப்பவரும் வயலின் வாசிக்கும் தம்பியும் சில பழைய கீர்த்தனைகளைத் தாங்களே வாசித்துப் பதிவு செய்து கொடுத்தார்கள். சபை பயன்படுத்திக்கொள்ளலாம் என்று இருவரும் கையெழுத்திட்ட கடிதம் கோப்பில் இருக்கிறது. தம்பிக்குப் பதினெட்டு ஆகாததால் அவன் அப்பாவும் கையெழுத்துப் போட்டார்.

வீடியோவை ஏற்றும் வரிசையும் மாறியது. முதலில் `Private` ஆக ஏற்றி, `Checks` என்ற கட்டம் முடியும்வரை காத்திருக்கிறார்கள். இசைக் கோரிக்கை இருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். அதன்பிறகுதான் நாள் குறிக்கிறார்கள். சேனலின் மின்னஞ்சல் இப்போது சபை அலுவலகக் கணக்குக்கு வருகிறது. வாட்ஸ்அப்பில் லிங்க் மட்டுமே போகிறது.

அதிகம் விவாதம் நடந்தது கடைசி இடத்தைப் பற்றி. ஒவ்வொரு இரவும் ஒன்பது மணிக்கு ஒருவர், "நாளைக்கு 'இன்ன' வசனம் ஐயா, போடலாமா?" என்று ஆயருக்கு அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் வீடியோ வெளியாகாது. சிலர் எதிர்த்தார்கள், ஆயருக்குச் சுமை என்றார்கள். ஆயர் ஒப்புக்கொண்டதற்குக் காரணம், யார் வீட்டில் என்ன நடந்தது என்று ஆயருக்கும் மூப்பர்களுக்கும்தான் முதலில் தெரியும். மீடியா குழுவுக்குக் கடைசியில்தான் தெரியும். ஒன்பது மணிக்குப் பின் ஏதாவது நடந்தால், நிறுத்தும் அதிகாரம் எந்த மூப்பருக்கும் உண்டு. காரணம் கேட்கக் கூடாது. சேனலைத் திறக்கும் வழி இரண்டு மூப்பர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது.

பின்னர் நடந்தவை

பப்ளிக் தேர்வு முடிவு வரும் வாரம் எரேமியா 29:11 தயாரானது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம்; கீழே "நீ நினைத்த மார்க் கிடைக்கும்" என்று நம்முடைய வரி. முந்தின வசனத்தை எழுதப் போனவர் அங்கே எழுபது வருஷம் என்று கண்டார். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். சீக்கிரம் திரும்ப மாட்டீர்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று சொல்லும் கடிதம். மார்க் வரி எடுக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, எதிர்பார்த்தது கிடைக்காதவர்களோடும் தேவன் நீண்ட காலம் பேசிக்கொண்டிருந்தார் என்று ஒரு வரி, வெள்ளை நிறத்தில் வந்தது. வேலைக்காக ஊரைவிட்டு வந்த எங்கள் சபையாருக்கு இந்த அதிகாரம் இன்னும் நெருக்கமாகவே இருந்தது. பரீட்சையில் தவறிய ஒரு பிள்ளையின் தாய் அந்த வீடியோவைத் தன் மகளுக்கு அனுப்பினார் என்று பிறகு தெரிந்தது.

வலிக்கக்கூடியவரின் நிலைமையை எழுதும் இடம் நாங்கள் நினைத்ததைவிட நன்றாக வேலை செய்தது. "தொனி சரியா" என்று கேட்டபோது பதில் வராத பிள்ளைகள், "வேலை போனவர்", "விவாகரத்து ஆனவர்" என்று எழுதத் தொடங்கியதும் தாங்களே வரியை மாற்றிக்கொண்டார்கள். சில நேரம் எழுதியபின்பும் வீடியோவை மாற்றாமல் போட்டிருக்கிறார்கள். அது தவறில்லை. யாருக்கும் வலிக்காத வசனம் மட்டும் போடுவது என்று ஆரம்பித்தால் தீர்க்கதரிசிகள் யாரையும் எடுக்க முடியாது.

இரவில் நிறுத்துவது சில முறை நடந்தது. ஒருமுறை பிரசவத்தில் குழந்தை இறந்த வீடு இருந்தபோது, மறுநாளைக்கு இருந்தது பிள்ளைகளைக் கர்த்தரால் வரும் சுதந்தரம் என்று சொல்லும் 127-ஆம் சங்கீதம். மூப்பர் ஒருவர் இரவு பதினொன்றுக்கு நிறுத்தினார். மறுநாள் காலை வீடியோ வராததைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை.

இசையில் எதிர்பாராத ஒன்று நடந்தது. நாங்களே வாசித்துப் பதிவு செய்த ஒரு கீர்த்தனைக்கும் கோரிக்கை வந்தது. அதே மெட்டை வெளியிட்டிருந்த ஒரு இசை நிறுவனத்தின் பதிவோடு யூடியூப் பொருத்திவிட்டது. வாசித்தவர்களின் கடிதத்தையும் பாடலாசிரியரின் காலத்தையும் குறிப்பிட்டு மறுப்பு அனுப்பினோம். கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு. அதற்குள் கோரிக்கையை விட்டுவிட்டார்கள். அனுமதி ஆவணம் கையில் இருந்ததால் துணிந்து மறுக்க முடிந்தது. ஆவணம் இல்லாமல் மறுத்து, அது நிராகரிக்கப்பட்டு மேல்முறையீடும் செய்தால் விவகாரம் ஸ்ட்ரைக் வரை போகலாம். அதனால் மறுப்பு அனுப்பும் முடிவை இளைஞர்கள் தனியாக எடுக்காமல் ஒரு மூப்பர் எடுக்கிறார்.

வேலை கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். வாரம் ஏழு வீடியோ செய்த குழு இப்போது நான்குதான் செய்கிறது. மற்ற மூன்று நாள், ஆயர் ஒரு வசனத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தாக மட்டும் அனுப்புகிறார். ஆறு பேரில் ஒருவர் இத்தனை கட்டுப்பாடு வேண்டாம் என்று விலகிவிட்டார். இறந்தவரின் அக்கா இப்போது அச்சு வேதாகமத்தில் வசனம் பார்ப்பவர்களில் ஒருவர். அவரே கேட்டு வந்தார்.

இன்னும் மாற்ற வேண்டியவை

ஞாயிறு நேரலை இந்தத் தாளுக்குள் அடங்காது. ஆயர் பிரசங்கத்தின் நடுவே சொல்லும் சாட்சியில் ஒருவரின் நோயோ கடனோ வெளிவந்துவிட்டால் தடுக்க யாராலும் முடியாது. நேரலை முடிந்ததும் வீடியோவை `Private` ஆக்கி, ஒருவர் கேட்டுப் பார்த்து, தேவையான இடத்தை வெட்டியபின் திறக்கலாம் என்று பேசியிருக்கிறோம். அப்படிச் செய்தால், ஞாயிறு வேலைக்குப் போய்விட்டு மதியம் பார்க்கிறவர்களுக்கு அது கிடைக்காது. அதற்கு இன்னும் முடிவு வரவில்லை.

இரண்டாவது, கன்னட எழுத்துகள். எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, பள்ளியில் கன்னடம்தான். அவர்களுக்காகக் கீழே கன்னடத்தில் வசனம் போடத் தொடங்கினோம். கன்னட வேதாகமத்திலிருந்தே வசனத்தை எடுக்க வேண்டும், தமிழிலிருந்து மொழிபெயர்க்கக் கூடாது என்று தாளில் சேர்த்திருக்கிறோம். ஆனால் அதைச் சத்தமாக வாசித்துப் பார்க்கச் சரளமாகக் கன்னடம் படிக்கும் பெரியவர் ஒருவர் தேவை. இப்போதைக்கு ஒரு பத்தாம் வகுப்பு மாணவி பார்க்கிறாள். அவளுக்குத் தேர்வு நெருங்குவதால் பிப்ரவரி முதல் கன்னட வரிகளை நிறுத்தி வைப்பது என்று குழு முடிவு செய்திருக்கிறது.